25 கிராம் கோனில் என்ன இருக்கிறது?

தாராவி 90 அடிச் சாலையில் ரம்ஜானுக்கு முந்தின வாரம் ஃபேன்சி ஸ்டோர்களின் முகப்பே மாறிவிடும். வளையல் அட்டைகளுக்கும் பொட்டு அட்டைகளுக்கும் நடுவே மெஹந்தி கோன் பெட்டிகள் வந்து உட்காரும். பெட்டிக்கு 12 கோன். சில்லறையாக ஒன்று கேட்டால் கடைக்காரர் பெட்டியைக் கிழித்து ஒன்றை உருவித் தருவார். ரம்ஜான் முடிந்தாலும் ஆடி, ஆவணி, கல்யாண சீசன், தீபாவளி என்று அடுத்தடுத்து வருவதால் பெட்டிகள் கடையை விட்டுப் போவதே இல்லை. மாட்டுங்கா மார்க்கெட்டிலும் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளிலும் இதே காட்சிதான்.

திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் இந்த நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பாட்டிமார்களுக்குக் கோன் தெரியாது. அம்மியில் இலையை வைத்து, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து வழுவழுவென்று அரைத்து, உள்ளங்கையில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் சின்னப் புள்ளிகள், விரல் நுனிகளுக்குத் தொப்பி. துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தால் விடியும்போது சிவந்திருக்கும். கோனில் வரைவது நுணுக்கமான கொடியும் மயிலும். அதற்கு மெல்லிய, ஒழுகாத, கட்டி இல்லாத குழம்பு வேண்டும். இந்த ஒரு தேவைதான் மருதாணியை அம்மியிலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. போன இடத்தில் அதனுடன் வேறு சிலவும் சேர்ந்துகொண்டன. என்ன சேர்ந்தது என்பதை உறையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. அதற்கு முன், இலை எப்படிச் சிவக்க வைக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

மருதாணி இலையில் சிவப்பு நேரடியாக இல்லை. சாயத்தின் மூலப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து இலைக்குள் அடைபட்டிருக்கிறது. இலை நசுங்கி, தண்ணீரோ இலேசான புளிப்போ பட்டவுடன் அந்தப் பிணைப்பு அவிழ்கிறது. காற்றுப் பட்டு 'லாசோன்' என்ற ஆரஞ்சு நிறச் சாயம் உருவாகிறது. காய்ந்த இலையில் இது ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம்தான். சாயமூலக்கூறு தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு வேதிமுறையில் பிணைந்துகொள்கிறது. சோப்புப் போட்டாலும் போகாமல், அந்தத் தோலடுக்கு உதிரும்போது மட்டும் போவது இதனால்தான். உள்ளங்கையில் மேலடுக்கு தடிமன், அதனால் நிறம் அடர்த்தி. புறங்கையில் மெல்லிது, அதனால் நிறமும் வெளிர்.

இங்கே கவனிக்க வேண்டியது நேரம். இலை மருதாணியை உதிர்த்ததும் தெரிவது பூசணிக்காய்ச் சதையின் ஆரஞ்சு. அடுத்த 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் அது காற்றில் கறுத்து, செங்கல் நிறமாகி, பிறகு காப்பி நிறத்தைத் தொடும். இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க இலையால் முடியாது. உதிர்த்த நிமிடத்திலேயே கறுப்போ மெரூனோ தெரிகிறது, புறங்கையும் உள்ளங்கையும் ஒரே அடர்த்தியில் இருக்கிறது என்றால், அங்கே வேலை செய்தது இலை மட்டுமில்லை.

இன்னொரு குணமும் உண்டு. குழைத்த மருதாணி கெட்டுப்போகும் பண்டம். மும்பையின் வெக்கையில் ஓரிரு நாளிலேயே அதன் வீரியம் சரியத் தொடங்கும்; நாலைந்து நாளில் வெறும் களிம்பாக மட்டும் மிஞ்சும். ஃப்ரீசரில் உறைய வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். மெஹந்தி போடும் பெண்கள் சிலர் ஆர்டருக்கு முந்தின நாள் குழைத்து, கோன்களை ஐஸ்கிரீம் போல ஃப்ரீசரில் வைத்து, பயன்படுத்த அரைமணிக்கு முன் எடுப்பது இதற்காகத்தான்.

இனி கடைக் கோனைக் கையில் எடுக்கலாம். குறிப்பிட்ட ஒரு பிராண்டு வேண்டாம். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் வகையில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் தொங்கிய பெட்டி. முன்பக்கம் மணப்பெண் படம், 'ஹெர்பல்', 'நேச்சுரல்', '100 சதவீதம்' என்ற சொற்கள், ஓர் இலைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் நிகர எடை 25 கிராம், தயாரித்த மாதம், அதிலிருந்து இரண்டோ மூன்றோ வருடம் தள்ளி ஒரு காலாவதித் தேதி. 'குளிரான, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று ஒரு வரி. 'கெமிக்கல் இல்லை' என்று இன்னொரு வரி. சேர்மானப் பட்டியல்? இல்லை.

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தின் எண்களை மட்டும் படித்தாலே பெட்டி பேசத் தொடங்கிவிடும். நாலைந்து நாளில் வீரியம் இழக்கும் குழம்பு, கடை வெயிலில் இரண்டு வருடம் எப்படி நிற்கிறது? கெட்டுப்போகாமல் இருக்கப் பதனப்பொருள் சேர்க்கலாம். அது பூஞ்சை வராமல் தடுக்கும். லாசோன் வீரியம் இழப்பதை அது தடுக்காது. ஆக, இரண்டு வருடம் கழித்தும் அந்தக் கோன் சிவக்கிறது என்றால், சிவக்க வைப்பது பெரும்பாலும் தனியாகச் சேர்த்த சாயம். காலாவதித் தேதியும் 'ஃப்ரிட்ஜில் வை' என்ற வரி இல்லாததும், முன்பக்கத்து '100 சதவீதம்' என்ற சொல்லோடு ஒரே பெட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

சேர்மானப் பட்டியல் ஏன் இல்லை? தயாரிப்பாளர் சட்டத்தை மீறிவிட்டார் என்று தோன்றும். பல சமயம் அப்படி இல்லை. இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களுக்கு 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும், அதன்கீழ் வந்த 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் பொருந்தும். லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், உரிம எண், காலாவதி, சேர்மானங்கள் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். நல்ல விதிதான். அதன் வாலில் ஒரு சலுகை தொங்குகிறது: திரவம் 60 மில்லிக்கும், திடப்பொருளோ களிம்போ 30 கிராமுக்கும் குறைவான பொதிகளுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயமில்லை.

நகப்பூச்சு, கண்மை போன்ற சின்னச் சின்னப் பொருள்களில் எழுத இடமிருக்காது என்ற நியாயத்தில் வந்த சலுகையாக இருக்கலாம். ஆனால் மெஹந்தி கோனின் எடை என்ன? பொதுவாக 25 கிராம். ஒரு கைக்குத் தாராளமாகப் போதும் அளவு அது. சலுகைக்குள் கச்சிதமாக உட்காரும் அளவும் அதுவே. இது திட்டமிட்டதா தற்செயலா என்று வாதாடத் தேவையில்லை. கண்மையை இமை ஓரத்தில் ஒரு கோடு இழுக்கிறோம். மெஹந்தியை முழங்கைவரை பூசி மணிக்கணக்கில் ஊற வைக்கிறோம். தோலில் இவ்வளவு பரப்பில் இவ்வளவு நேரம் இருக்கும் ஒரு பொருள், எடை குறைவு என்ற ஒரே காரணத்தால் வாய் திறக்காமல் இருக்கலாம் என்பது இந்த விதியில் உள்ள ஓட்டை. கோன்களுக்கு மட்டுமாவது இதை அடைக்க வேண்டும்.

சேர்மானம் எழுதும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். எழுதியிருந்தால் படிக்கத் தெரிய வேண்டும். 'லாசோனியா இனெர்மிஸ்' என்பது மருதாணியின் தாவரவியல் பெயர். 'சி.ஐ. 75480' அல்லது 'நேச்சுரல் ஆரஞ்சு 6' என்று இருந்தால் அதுவும் மருதாணிச் சாயமே. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'சோடியம் பிக்ரமேட்' என்றால் அது தொழிற்சாலையில் செய்த செஞ்சாயம். கோன் உதிர்ந்தவுடன் மெரூன் காட்டுவது இதன் வேலையாக இருக்கலாம். இது தலைமுடிச் சாயங்களில் பயன்படும் பொருள். ஐரோப்பாவில் முடிக்கு மட்டும், அதுவும் அளவு வரம்போடு அனுமதி. கடைசியாக 'பாரா-ஃபினைலின்டையமின்'. சுருக்கமாக பி.பி.டி.; சில இடங்களில் 'சி.ஐ. 76060'. இந்தப் பெயர் கோனில் இருந்தால் அந்தக் கோனைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். ஆனால் அதைச் சேர்ப்பவர் பெயரை எழுதிச் சேர்ப்பது அபூர்வம்.

பச்சைப் புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோப்பு, ஷாம்பு போல மெஹந்திப் பெட்டியிலும் அது இருக்கலாம். விலங்கிலிருந்து எடுத்த பொருள் எதுவும் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். நிலக்கரித் தாரிலிருந்து வந்த சாயமும் பச்சைப் புள்ளிக்குத் தகுதியானதே.

பி.பி.டி. என்ன செய்யும்? தலைமுடிச் சாயத்தைக் கறுப்பாக்குவது அதுதான். ஐரோப்பிய விதிப்படி முடியில் தடவும் கலவையில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தோலில் வரையும் பொருளில் அதற்கு இடமே இல்லை. அமெரிக்காவில் மருதாணிக்கே தலைமுடிச் சாயமாக மட்டும்தான் அனுமதி. 'கறுப்பு மெஹந்தி' என்று பல நாடுகளில் பரிசோதிக்கப்பட்ட மாதிரிகளில் 15 சதவீதத்தைத் தாண்டியும் பி.பி.டி. கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முடியில் அரைமணி நேரம் இருந்து அலசப்படும் சாயம், அதைவிடப் பல மடங்கு அடர்த்தியில் கையில் மணிக்கணக்கில் ஊறுகிறது.

ஒவ்வாமை உடனே வராது என்பதில்தான் சிக்கல். முதல் முறை போடும்போது உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். கல்யாணம் முடிந்து, டிசைனே மங்கத் தொடங்கும்போது அரிப்பு ஆரம்பிக்கும். டிசைன் போன வழியிலேயே தோல் தடித்து, சிவந்து, நீர்க்கொப்புளம் எழும். கொடியும் மயிலும் புடைப்புச் சிற்பம் போலத் தெரியும். கொப்புளம் ஆறிய பிறகு அதே கோடுகளில் தோல் வெளிறிப்போவதும் உண்டு. அடுத்த முறை பட்டால் வாரக் கணக்கில்லை, ஓரிரு நாளே போதும். இந்த ஒவ்வாமை ஆயுசுக்கும் தங்கிவிடும். பத்து வயதில் சித்தி கல்யாணத்துக்குக் கறுப்பு மெஹந்தி போட்டுக்கொண்ட பெண், நாற்பது வயதில் நரைக்குச் சாயம் அடிக்கும்போது முகம் வீங்கி நிற்கக் காரணம் அந்தக் கல்யாணமாக இருக்கக்கூடும். முப்பது வருடத்துக்கு முந்தின கோனை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

பி.பி.டி. உள்ள தலைமுடிச் சாயப் பெட்டிக்கு இந்திய விதிகள் கறாரானவை. தோல் எரிச்சல் வரலாம், முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைமுடிக்கோ புருவத்துக்கோ பூசக்கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்க வேண்டும். அந்தப் பார்வை பற்றிய வரி மிகைப்படுத்தல் இல்லை. 1930களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தில் இதே பொருள் இருந்தது. பெண்கள் பார்வை இழந்தார்கள், ஒருவர் இறந்தார். 1938இல் அந்த நாட்டு அழகுசாதனச் சட்டம் வருவதற்கு அந்தச் சம்பவங்களும் ஒரு காரணம். இவ்வளவு வரலாறு உள்ள எச்சரிக்கை தலைச்சாயப் பெட்டியில் நிற்கிறது. 25 கிராம் கோனுக்கு வரும்போது காணாமல் போகிறது.

இதற்காகக் கோன் என்றாலே விஷம் என்று முடிவு கட்டுவதும் தவறு. 2012 ஆகஸ்ட் 19ஆம் தேதி இரவு, ரம்ஜானுக்கு முந்தின இரவு, மெஹந்தி போட்ட பெண்களுக்கு ஆபத்து என்ற வதந்தி மும்பை, சென்னை, பெங்களூர் என்று பல ஊர்களில் பரவியது. மருதாணி பூசிய கைகளோடு பெண்களும் குழந்தைகளும் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினார்கள். மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அரசு தடை போட வேண்டிய அளவுக்கு வதந்திகள் பறந்த வாரம் அது. வந்தவர்களில் பலருக்குப் பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. சிலருக்கு உண்மையான அரிப்பும் எரிச்சலும் இருந்தது. எது பயம், எது சாயம் என்று அந்த இரவில் பிரித்துப் பார்ப்பதற்குக் கோனின் உறை உதவியிருக்க வேண்டும். சேர்மானமே எழுதாத உறையை வைத்துக்கொண்டு டாக்டர் எதைப் படிப்பார்? எழுதாத லேபிள் விஷத்தை மறைப்பதோடு, விஷமில்லாத கோனையும் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது.

இயற்கை மருதாணிக்கும் எல்லை உண்டு. ஜி6பி.டி. என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, சுத்தமான மருதாணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். லாசோன் தோல்வழியே ஊடுருவுவதுதான் காரணம். கண்ணேறு படாமல் இருக்கப் பச்சிளம் பிள்ளையின் பாதத்தில் மருதாணி வைப்பது சில வீடுகளில் உண்டு. அதை மட்டும் தவிர்த்துவிடுவது நல்லது. குழந்தை மஞ்சள் பூத்தாலோ சிறுநீர் கருத்தாலோ, மருதாணி வைத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே கோன் செய்வது எவ்வளவு கஷ்டம்? அம்மி இல்லாத செம்பூர் ஃபிளாட்டிலும் ஆகும். முதலில் பொடி. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தின் சோஜத் வட்டாரம் மருதாணிக்குப் பேர்போனது. சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கைக்கென்று மையாகச் சலித்த பொடி வேண்டும். தலைக்கு விற்கும் பொடியில் நார் இருக்கும், கோன் முனையை அடைக்கும். அதில் செம்பருத்தி, நெல்லி, அவுரி என்று வேறு இலைகளும் கலந்திருக்கலாம். பொடி கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நல்ல பொடியின் பச்சை சற்றே பழுப்பேறிய, காய்ந்த கருவேப்பிலை நிறம். ஈர டிஷ்யூவில் தூவும்போது பச்சைச் சாயம் தனியாக ஓடினால் அது பூசிய நிறம்.

100 கிராம் பொடிக்கு 25 கிராம் சர்க்கரை, 25 மில்லி லாவெண்டர் அல்லது கஜபுட் எண்ணெய். எலுமிச்சைச் சாறோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, உருளைக்கிழங்கு மசியல் பதத்துக்குக் குழைக்க வேண்டும். சர்க்கரை குழம்பு காய்ந்து உதிராமல் பிடித்துவைக்கும். எண்ணெய் சாயம் வெளிவர உதவும். கிராம்புத் தைலத்தைச் சற்று அதிகம் ஊற்றினாலே தோல் எரியும், ஆகவே அதை விட்டுவிடலாம். பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பில் ஒட்டி மூடி வைத்தால், தண்ணீரில் குழைத்தது மும்பை வெக்கையில் சில மணி நேரத்தில் தயாராகும். எலுமிச்சையில் குழைத்ததற்கு ஓர் இரவு வேண்டும். புளிப்பு சாயத்தை மெதுவாக அவிழ்க்கும். தயார் என்பதற்கு அடையாளம், மேற்பரப்பு பழுப்பாகவும் உள்ளே பச்சையாகவும் இருப்பது. உள்ளங்கையில் ஒரு புள்ளி வைத்துப் பத்து நிமிடத்தில் துடைத்தால் ஆரஞ்சு தெரிய வேண்டும். அப்போது இன்னும் கொஞ்சம் சாறு விட்டுத் தயிர் பதத்துக்குத் தளர்த்தி, பழைய காலுறையிலோ மெல்லிய துணியிலோ வடிகட்டிக் கோனில் நிரப்பலாம். கையில் ஐந்தாறு மணி நேரமாவது இருக்கட்டும். உதிர்த்த பிறகு அன்று முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் இரண்டாம் நாள் முழு நிறமும் வரும். கல்யாணத்துக்கு முந்தின இரவில் போட்டால் முகூர்த்தத்தில் ஆரஞ்சுக் கைதான் இருக்கும். இரண்டு நாள் முன்பே போட்டுவிட வேண்டும். அவசரக் கோன்களின் வியாபாரமே இந்த இரண்டு நாளைத் தள்ளிப்போட்டவர்களை நம்பித்தான் நடக்கிறது.

கடைக் கோனே வேண்டும் என்றால், கறுப்பு, 'இன்ஸ்டன்ட்', 'ஐந்து நிமிடம்' என்று எழுதியதைத் தள்ளிவிடலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் வாடை அடித்தாலும் வேண்டாம். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத கோனுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. வாங்கியதை முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு புள்ளி வைத்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். இது ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவரைக் காப்பாற்றும். புதிதாக ஒவ்வாமை உண்டாவதைத் தடுக்காது.

இன்னும் ஒன்று. வரைந்து முடித்ததும் காலி கோனையும் பெட்டியையும் குப்பையில் போடாமல் மூன்று வாரம் வைத்திருங்கள். கை தடித்துக் கொப்புளம் வந்தால் சயான் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள மாநில உணவு, மருந்து நிர்வாகத்தில் புகார் கொடுப்பதானாலும், அவர்கள் முதலில் கேட்பது பேட்ச் எண்ணைத்தான்.